இரு வீட்டாரையும் பேச அழைக்கும் செய்தி: யார் பக்கமும் சாயாமல் எழுதுவது எப்படி?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நான் செயலாளரான முதல் மாதமே ஒரு தகராறு வந்து சேர்ந்தது. 204-ஆம் வீட்டுக் குளியலறை சீலிங்கில் ஓதம், பெயிண்ட் உப்பி உதிர்கிறது. நேர் மேலே 304. அவசரத்தில் வாட்ஸ்அப்பில் நான் தட்டியது இது:

"304, உங்கள் பாத்ரூமிலிருந்து தண்ணீர் ஒழுகுவதாக 204 சார் மறுபடியும் புகார் சொல்லியிருக்கிறார். ஞாயிறு மாலை 5 மணிக்கு அவர் வீட்டுக்கு வந்து விளக்கம் தரவும்."

304-காரர் வரவில்லை. "தீர்ப்பை எழுதிவிட்டு எதற்குக் கூப்பிடுகிறீர்கள்?" என்று ஒரு வரி பதில். அவர் கேட்டது நியாயம். அந்தச் செய்தியை எப்படித் திருத்துவது என்று பார்ப்போம்.

படி 1: கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்

"உங்கள் பாத்ரூமிலிருந்து ஒழுகுகிறது" என்பது காரணம். நான் பார்த்ததோ சீலிங்கில் ஈரம், அவ்வளவுதான். தண்ணீர் மேல்வீட்டு டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்கலாம், எல்லா வீட்டுக்கும் பொதுவான செங்குத்துக் குழாயிலிருந்தும் கசியலாம். பொதுக்குழாய் என்றால் செலவு சங்கத்தின் தலையில் விழும். அதாவது செயலாளரான நானும் ஒரு தரப்பு! ஆகவே தலைமை தாங்க வேறு பிளாக்கிலிருந்து, இரு வீட்டாருக்கும் சம்மதமான ஒருவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

படி 2: சாயும் சொற்களைப் பொறுக்கி எடுங்கள்

தமிழில் சாய்வு சின்னச் சொற்களில்தான் ஒளிந்திருக்கும். "மறுபடியும்" என்றால் மேல்வீட்டுக்காரர் ஏற்கெனவே தவறியவர் ஆகிவிடுகிறார். "புகார்" என்றதும் ஒருவர் வாதி, இன்னொருவர் பிரதிவாதி. "விளக்கம் தரவும்" என்பது மெமோ பாஷை. வினைகளிலும் கவனம் வேண்டும்: "ஒப்புக்கொண்டார்" என்றால் குற்றம் உறுதி, "ஒழுகுகிறதாம்" என்றால் சொன்னவர்மேல் சந்தேகம். "சொன்னார்" போதும், இருவருக்கும் அதே சொல்.

ஒருவருக்கு "சார்" போட்டு மற்றவரை வெறும் எண்ணால் அழைத்தேன் பாருங்கள், அதுதான் அவரை அதிகம் சுட்டது என்று பிறகு தெரிந்தது. இருவருக்கும் ஒரே மரியாதை வேண்டும். யார் பெயர் முதலில் என்ற பேச்சே எழாமலிருக்க, வீட்டு எண் வரிசையில் எழுதிவிடலாம்.

படி 3: இடமும் நேரமும்

ஒருவர் வீட்டில் கூட்டம் வைத்தால் மற்றவர் விருந்தாளி ஆகிவிடுவார். சங்க அறையோ மாடியோ பரவாயில்லை. ஈரத்தைப் பார்க்க வேண்டுமானால் முதலில் இரண்டு குளியலறைகளையும் எல்லோரும் சேர்ந்து பார்த்துவிட்டு அறைக்கு வரலாம். நேரத்துக்கு இரண்டு வாய்ப்பு கொடுங்கள். ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலம். நமக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும், பார்க்கிறவர்களுக்கு அதுவே வராமலிருக்க ஒரு சாக்கு.

படி 4: இப்படி எழுதலாம்

"204, 304 வீட்டாருக்கு வணக்கம். 204-இன் குளியலறை சீலிங்கில் ஈரம் காணப்படுகிறது. காரணம் இன்னும் தெரியவில்லை. இதுபற்றி இரு வீட்டாரும் பேச ஒரு மணி நேரம் ஒதுக்க விரும்புகிறோம். சனி மாலை 6 அல்லது ஞாயிறு காலை 11, சங்க அறையில். எந்த நேரம் வசதி என்று வியாழனுக்குள் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் வேறு நேரம் குறிப்பிடலாம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இருவர் வரை வரலாம். படங்கள், பிளம்பர் தந்த குறிப்பு இருந்தால் கொண்டுவாருங்கள். அன்று முடிவெடுத்தே ஆக வேண்டும் என்றில்லை."

அனுப்பும் முன் ஒரு சோதனை: 204, 304 என்ற எண்களை இடம் மாற்றிப் படியுங்கள். ஈரம் எந்த வீட்டில் என்ற ஒரு தகவலைத் தவிர, வேறு எந்த வரியாவது யாரையாவது குத்தினால் அதைத் திருத்துங்கள்.

படி 5: அனுப்புவதும் அதன் பிறகும்

குடியிருப்பின் பொதுக் குழுவில் போடாதீர்கள். நாற்பது பேர் கருத்து சொல்ல வந்துவிடுவார்கள். இருவருக்கும் ஒரே செய்தி, ஒரே நேரத்தில். அப்புறம் போன் வரும்: "நீங்களே சொல்லுங்க, தப்பு யார் மேல?" அதற்கு நான் இப்போது சொல்வது: "அதைக் கூட்டத்திலேயே சொல்லுங்க, ரெண்டு பேரும் கேட்கட்டும்." ஒருவர் நேரத்தை மாற்றக் கேட்டால், மற்றவருக்கு "அவர் தட்டிக் கழிக்கிறார்" என்று போகக் கூடாது, "புதிய நேரம் ஞாயிறு 11" என்று மட்டும் போகட்டும்.

எல்லாத் தகராறுக்கும் இந்த முறை பொருந்தாது. அடிதடி, மிரட்டல் என்றால் இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்காதீர்கள். அலுவலகத்தில் பாலியல் தொல்லைப் புகார் வந்தால் அது உள்ளகக் குழுவுக்குப் போக வேண்டியது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார் கொடுத்த பெண் தானாகக் கேட்டாலொழிய அந்தக் குழுகூட சமரசப் பேச்சைத் தொடங்க முடியாது.