துணிப் பொம்மை விற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருதமுனைக் கைத்தறித் துணியில் யானை, முயல் என்று பொம்மை தைத்து விற்கத் தொடங்குகிறவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: பொம்மை பிள்ளைக்குப் பாதுகாப்பானது என்று வாங்குகிறவரை நம்பவைப்பதில். விலை போடுவது, பார்சல் கட்டுவது எல்லாம் செய்யச் செய்யப் பழகிவிடும், அதை விடுகிறேன்.

பொத்தான் கண்ணும் ‘3+’ லேபலும்

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். பளபளக்கிற கறுப்புப் பொத்தானைக் கண்ணாக வைத்தால் பிள்ளை ஓடிவந்து தூக்கும், உண்மைதான். ஆனால் காசு கொடுக்கிறவர் அம்மா. கல்முனையில் ஒரு கண்காட்சியில், கைக்குழந்தையோடு வந்த ஒரு அம்மா யானையை எடுத்ததும் செய்த முதல் வேலை, கண்ணை நகத்தால் இழுத்துப் பார்த்ததுதான். “இது கழண்டு வராதா தங்கச்சி?” என்று கேட்டார். “இல்ல அக்கா, இது மூணு வயசுக்கு மேலதான்” என்று பதில் வந்தது. அவர் கேட்டது அதுவா? பொம்மையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

லேபலில் ‘3+’ என்று போட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கிறார்கள். கட்டிப்பிடித்துத் தூங்குகிற மென்பொம்மையை, லேபலில் என்ன எழுதியிருந்தாலும், 3 வயதுக்குக் குறைந்தவர்களுக்கானது என்றே ஐரோப்பிய விதிகள் கருதுகின்றன. வீட்டிலும் அப்படித்தான், அக்காவின் பொம்மை தம்பியின் வாய்க்குள்தான் போகும்.

அந்த வயதுக்கான ஐரோப்பியச் சோதனை எளிமையானது. 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு சிறு உருளைக்குள் முழுதாக அடங்குகிற எந்தத் துண்டும் பொம்மையிலிருந்து கழன்று வரக்கூடாது. 6 மில்லிமீற்றரை விடப் பெரிய உறுப்பை 90 நியூட்டன், அதாவது சுமார் 9 கிலோ விசையில், 10 வினாடி இழுத்துப் பார்ப்பார்கள். மீன் நிறுக்கிற தொங்கு தராசின் கொக்கியில் கண்ணை நூலால் கட்டி முள் 9க்கு வரும்வரை இழுத்தால் நீங்களே ஓரளவு பார்க்கலாம். ஒட்டிய கண் சட்டென்று வந்துவிடும். நன்றாகத் தைத்ததும் சிலவேளை துணியோடு கிழிந்து வரும். தராசில் தாங்கினாலும் ‘பரிசோதிக்கப்பட்டது’ என்று எழுதாதீர்கள், அது ஆய்வுகூடம் சொல்ல வேண்டியது.

சரி, அப்போ பிள்ளையை எப்படி இழுப்பது? கண்ணை நூலாலேயே பெரிதாக, ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துப் பூத்தையல் போடுங்கள். பிள்ளைக்கு அந்த முழிக்கிற முகம் போதும். அட்டையில் அம்மாவுக்கு இப்படி எழுதுங்கள்: “கண்கள் நூலால் தைத்தவை, பொத்தான் இல்லை. உள்ளே பொலியெஸ்டர் பஞ்சு. கையால் அலசி நிழலில் காயவிடவும்.” கேட்பதற்கு முன்பே பதில் கிடைக்கும்போதுதான் நம்பிக்கை வரும்.

‘100% பாதுகாப்பானது’

எழுதவே வேண்டாம். என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

விளம்பரப் படம்

மணியும் பாசியும் கோத்த பெரிய பிள்ளைகளின் பொம்மையைத் தவழ்கிற குழந்தையின் கையில் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். அட்டையில் எந்த வயது எழுதியிருந்தாலும் வாங்குகிறவர்கள் அந்தப் படத்தைத்தான் நம்புவார்கள்.