கோழிக்குக் கல்லும் தீனிதான்

பல்லடம் பக்கம் எங்கள் வீட்டு நாட்டுக்கோழிகளைச் சிமெண்ட் தளத்தில் அடைத்த பிறகு, எச்சத்தில் சோளம் முழுசாகவே வந்தது. தோட்டத்தில் மேய்ந்தபோது அவை பொறுக்கி விழுங்கிய கற்கள் அங்கே இல்லை. கோழிக்குப் பல் கிடையாது. தடித்த தசையாலான கல்குடல்தான் அந்தக் கற்களோடு தானியத்தைப் பிசைந்து அரைக்கிறது.

கருங்கல் பொடியைச் சலித்து, கம்பு அளவுக் கற்களைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும். குஞ்சுக்குப் பெருமணல் போதும். கிளிஞ்சல் இதற்கு ஈடாகாது: வயிற்று அமிலத்தில் கரைந்துவிடும், முட்டை ஓட்டுக்குத்தான் உதவும். அரைத்த தீவனம் மட்டும் போடுபவருக்கு இந்த வேலையே இல்லை.

அடுத்த முறை கோழி அறுக்கும்போது கல்குடலைப் பிளந்து பாருங்கள். மஞ்சள் தோலுக்குள் கற்கள் முனை மழுங்கிக் கிடக்கும்.