திரவம் வெள்ளையா, கறுப்பா: டி1, டி2 படங்களில் நேரும் தவறுகள்

டி1, டி2 என இரு முக்கிய வகைகளில் எடுக்கப்படும் மூளையின் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்ததும் பலர் செய்கிற முதல் தவறு, வெள்ளையாகத் தெரிவதெல்லாம் திரவம் என்று முடிவு கட்டுவது. மாறாக, திரவம் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும். மூளை அறைகளில் நிறைந்திருப்பது மூளைத் தண்டுவடத் திரவம். அது கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் டி1 படம், வெள்ளையாக இருந்தால் டி2 படம். கொழுப்பை அடையாளமாகக் கொள்வது சரிவராது, ஏனெனில் டி1 படங்களைப் போலவே, இன்று பரவலாக எடுக்கப்படும் வேகமான டி2 படங்களிலும் கொழுப்பு வெளிர்ந்தே தெரிகிறது.

இரண்டாவது தவறு, திரவத்தில் நீர் மிகுதி என்பதால்தான் அது டி2 படத்தில் ஒளிர்கிறது என்று விளக்குவது. அப்படியானால் டி1 படத்திலும் ஒளிர்ந்திருக்க வேண்டுமே! உண்மைக் காரணம் நேரத்தில் இருக்கிறது. ரேடியோ அலையால் சாய்க்கப்பட்ட காந்தமாக்கம் மீண்டும் நிமிர எடுக்கும் காலத்தை டி1 குறிக்கிறது. சாய்ந்த நிலையில் ஒத்திசைவு குலைந்து சமிக்ஞை மங்க எடுக்கும் காலத்தை டி2 குறிக்கிறது. தடையின்றிச் சுழலும் நீர் மூலக்கூறுகளில் இவ்விரண்டுமே மந்தமாக நடக்கின்றன. 1.5 டெஸ்லா காந்தப்புலம் கொண்ட கருவியில் இத்திரவத்தின் டி1 ஏறத்தாழ 4000 மில்லிவினாடி, டி2 ஏறத்தாழ 2000. மூளையின் வெண்பொருளுக்கோ அவை சுமார் 700, 80.

ரேடியோ அலைத் துடிப்புகளுக்கு இடையே 500 மில்லிவினாடி மட்டும் விட்டு, திசுவிலிருந்து திரும்பி வரும் சமிக்ஞையான எதிரொலியை உடனே பதிவுசெய்தால், அதற்குள் வெண்பொருள் பாதியளவு மீண்டிருக்க, திரவம் 12 சதவீதம்தான் மீண்டிருக்கும்; டி1 படத்தில் அது கறுப்பதற்கு இதுவே காரணம். இடைவெளியை 4000 ஆக்கி, எதிரொலியை 100 மில்லிவினாடி கழித்துப் பதிவுசெய்தால், முழுதும் மீண்ட வெண்பொருளின் சமிக்ஞை 29 சதவீதமாகத் தேய்ந்துவிடும். திரவம் அப்போதும் 63 சதவீதமே மீண்டிருந்தாலும், அதில் ஏறத்தாழ எதுவும் குறையாததால், 60 சதவீதத்துடன் இருமடங்கு ஒளிர்கிறது. படத்தில் இரண்டு பண்புகளும் எப்போதும் கலந்தே இருக்கின்றன என்பதையும், எதற்கு எடை தருவது என்பதை நாம் தேர்ந்த நேரங்களே தீர்மானிக்கின்றன என்பதையும் இக்கணக்கு காட்டுகிறது.

மூளை அறைகளின் நிறத்தைப் பார்க்கும் மேற்சொன்ன சோதனையை ஏமாற்றக்கூடியது ஃப்ளேர் என்னும் பட வகை. அது டி2 எடையுடையதுதான். ஆயினும் தொடக்கத்தில் தரப்படும் தலைகீழாக்கும் துடிப்பு, மூளைத் தண்டுவடத் திரவத்தின் சமிக்ஞையைத் திட்டமிட்டே அடக்கிவிடுவதால் மூளை அறைகள் கறுத்துத் தெரிகின்றன. இதை டி1 என்று எண்ணி நோய்க்கூறுகளின் வெண்மையைத் தவறாகப் படிப்பவர்கள் உண்டு. வளர்ந்தவரின் மூளையில் சாம்பல்நிறப் பொருளைவிட வெண்பொருள் வெளிர்ந்திருந்தால் டி1, மாறாக இருந்தால் ஃப்ளேர்.

கடைசியாக, டி1 படத்தில் எல்லாத் திரவமும் கறுப்பாகத்தான் இருக்கும் என்று நம்புவதும் தவறே. புரதம் செறிந்த திரவமும், சில நாட்கள் கடந்த இரத்தக்கசிவும் டி1 காலத்தைச் சுருக்கி வெள்ளையாகத் தோன்றலாம். மூன்றாம் மூளை அறையில் உருவாகும் கொலாய்டு நீர்க்கட்டி பல நேரங்களில் இவ்வாறு தெரிவதால், கொழுப்பு என்று எழுதிவிடுவதற்கு முன் கொழுப்பை அடக்கி எடுத்த படத்தையும் பார்ப்பது நல்லது.