கணக்கை மூடினாலும் தகவல் போகாது

நான் இருப்பது லண்டனில். உடற்பயிற்சிக் கூடத்தில் உறுப்பினர் கணக்கை மூடிய பிறகும் விளம்பர மெயில் வந்துகொண்டே இருந்தது. கணக்கை மூடுவது வேறு, தகவலை அழிப்பது வேறு. அழிக்கச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும்.

நிறுவனத்தின் தனியுரிமைப் பக்கத்தில் இதற்கென ஒரு மெயில் முகவரி இருக்கும். கணக்கில் பதிந்த அதே மெயிலிலிருந்து எழுதுங்கள். அடையாளம் காட்ட பெரும்பாலும் அதுவே போதும். பாஸ்போர்ட் நகலை நீங்களாக அனுப்ப வேண்டாம்.

தகவல் பாதுகாப்புச் சட்டமான பிரிட்டன் ஜிடிபிஆரைக் காட்டி நான் எழுதியது இவ்வளவுதான்: "என் உறுப்பினர் எண் இது, பதிந்த மெயில் இது, கணக்கு மூடிய நாள் இது. பிரிட்டன் ஜிடிபிஆர் 17ஆம் பிரிவின்படி என் தகவல்களை அழித்துவிடுங்கள். எதையாவது வைத்திருக்க வேண்டுமென்றால் எது, ஏன், எவ்வளவு காலம் என்று சொல்லுங்கள். அக்டோபர் 3க்குள் பதில் தேவை."

அந்தத் தேதி சும்மா போட்டதல்ல. கோரிக்கை கிடைத்ததிலிருந்து ஒரு மாதம் என்பது சட்டம் தரும் கெடு. நான் அனுப்பியது செப்டம்பர் 3. சிக்கலான கோரிக்கை என்றால் இன்னும் 2 மாதம் எடுக்கலாம், ஆனால் அதை முதல் மாதத்துக்குள்ளேயே காரணத்தோடு சொல்லியாக வேண்டும்.

கட்டணப் பதிவுகளை வரிக் கணக்குக்காக வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு, அதில் மல்லுக்கட்ட வேண்டாம். பெயரோ முகவரியோ தவறு என்றால் 16ஆம் பிரிவைச் சொல்லி, தவறானதையும் சரியானதையும் அடுத்தடுத்து எழுதுங்கள். கெடு தாண்டியும் பதில் இல்லையா? நீங்கள் அனுப்பிய மெயிலோடு, தகவல் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அமைப்பான ஐசிஓவிடம் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது.