எண்பதில் நிறுத்துவதும் தவறாகலாம்

‘மின்சாரக் காரை 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் போடாதீர்கள்’ என்பது நிக்கல் கலந்த பேட்டரிகளுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை. ஹூண்டாய் ஐயோனிக் 5 அந்த வகை. டாடா நெக்ஸான் ஈவி, பிஒய்டி அட்டோ 3 ஆகியவற்றில் இருப்பதோ எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். இதற்கும் அதே விதியைப் பிடித்துக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

நிக்கல் செல் முழுதாக நிரம்பும்போது ஏறத்தாழ 4.2 வோல்ட்டில் நிற்கும். அந்த வோல்டேஜில் உள்ளே இருக்கும் திரவம் மெல்லச் சிதையும். வெயில் சேர்ந்தால் இன்னும் வேகமாக. எல்எஃப்பி செல்லின் உச்சம் 3.65 வோல்ட்தான். அதனால் அதற்கு இந்தத் தொல்லை குறைவு.

எல்எஃப்பிக்கு வேறொரு சிக்கல் உண்டு. 30 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை அதன் வோல்டேஜ் ஒரு வோல்ட்டில் நூறில் சில பங்கு மட்டுமே மாறும். வோல்டேஜைப் பார்த்து மீதியைக் கணிக்க முடியாததால், உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்தே கார் கணக்கு வைக்கிறது. அந்தக் கணக்கில் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். உச்சிக்குப் போனால்தான் வோல்டேஜ் சட்டென ஏறி, கணக்கு திருந்தும். செல்களைச் சமப்படுத்தும் வேலையும் பெரும்பாலும் அங்கேதான் நடக்கும்.

30 கிலோவாட் மணி பேட்டரி கொண்ட ஒரு காரை எடுத்துக்கொள்வோம். தினம் 40 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 6 யூனிட், அதாவது 20 சதவீதம் செலவாகும். உரிமையாளர் தினமும் 60-இலிருந்து 80 வரை மட்டுமே ஏற்றுகிறார். நாளுக்கு அரை சதவீதம் பிழை என்று வைத்தாலும் 20 நாளில் 10 சதவீதம். திரையில் 15 என்று காட்டும்போது உண்மையில் இருப்பது 5-ஆக இருக்கலாம். நெடுஞ்சாலையில் எண்ணிக்கை திடீரெனச் சரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். பேட்டரி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம்.

தீர்வு எளிது. வாரம் ஒருமுறையாவது வீட்டு ஏசி சார்ஜரில் 100 வரை ஏற்றுங்கள்; டெஸ்லா தன் எல்எஃப்பி கார்களுக்குச் சொல்வதும் இதுவே. 100 என்று காட்டியதும் பிளக்கைப் பிடுங்காமல், கார் தானே நிறுத்தும்வரை விடுங்கள். தினமும் ஓட்டுபவர் தினமும் 100 ஏற்றினாலும் பாதகமில்லை.

‘எல்எஃப்பிக்கு ஒன்றும் ஆகாது’ என்பது எதிர்ப்பக்கத் தவறு. 100-இல் நிறுத்தி, மூன்று வாரம் ஊருக்குப் போய், காரை வெயிலில் விட்டால் அதுவும் தேயும். பாதி சார்ஜில் விட்டுப் போவதே நல்லது.

நிக்கல் காரில் 100 ஏற்றவே கூடாதா? நீண்ட பயணத்துக்கு முந்தைய இரவு தாராளமாக ஏற்றலாம். புறப்படும் நேரத்தைக் காரில் பதிந்துவிட்டால், அதற்குச் சற்று முன்புதான் நிரம்பி முடியும். கெடுப்பது நிரப்புவது அல்ல, நிரம்பிய நிலையில் நாள்கணக்கில் நிற்பது.