ஆத்தாவுக்கு மூட்டு ஆபரேஷன்: லீவை எந்த நாளில் போடுவது?

ஆத்தாவுக்கு மதுரையில் மூட்டு மாற்று ஆபரேஷன் என்று நாள் குறித்ததும், சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் காரைக்குடிப் பிள்ளைகள் பலரும் ஆஸ்பத்திரியில் இருக்கப்போகும் நாலைந்து நாளுக்கு மட்டும் லீவு போடுகிறார்கள். டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் ரயிலேறிவிடுகிறார்கள். இது தலைகீழ் கணக்கு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் இருக்கிறார், பிசியோதெரபி கட்டிலுக்கே வருகிறது, கழிவறை நாலு அடியில், கைப்பிடியோடு. ஆள் உண்மையில் வேண்டியது வீட்டுக்கு வந்த பிறகு, தையல் பிரிக்கும் வரைக்கும்.

அதிலும் நம்ம ஊர் வீடு. முகப்பிலிருந்து பின்கட்டுக் கழிவறைக்குப் போக எத்தனை நிலைப்படி தாண்ட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு நிலையிலும் வாக்கரைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்க வேண்டும், கூட ஒருவர் பிடிக்க வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கும் பிடிக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் ஈரமாக இருந்தால் வழுக்கும். அதனால் டிஸ்சார்ஜுக்கு முன்னாலேயே ஒருவர் ஊருக்குப் போய் கட்டிலை வாசல் பக்கத்து அறைக்கு மாற்றி, பக்கத்தில் கமோடு நாற்காலி வாங்கிப் போட வேண்டும். இதற்கும் ஒரு நாள் லீவு ஒதுக்குங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மகனுக்குக் கையில் 12 நாள் இருக்கிறது, தேவகோட்டையில் தங்கை இருக்கிறார். திங்கள் அட்மிஷன், செவ்வாய் ஆபரேஷன், சனி டிஸ்சார்ஜ். கையெழுத்துப் போடவும் டாக்டரிடம் பேசவும் திங்களும் செவ்வாயும் மகன் இருந்தால் போதும். புதன், வியாழன் தங்கை துணைக்கு இருக்கட்டும், மகன் வேலைக்குப் போகட்டும். மறுபடி வெள்ளி வந்து வீட்டைத் தயார் செய்து, அடுத்த வாரம் ஐந்து நாளும் இருந்து, அதற்கடுத்த செவ்வாய் தையல் பிரித்துவிட்டுக் கிளம்பினால் மொத்தம் 10 நாள். மிச்சம் இரண்டு நாள், ஒன்றரை மாதம் கழித்து வரும் செக்கப்புக்கு.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு இடத்தில் உடையும். சில கம்பெனிகளில் லீவுக்கு நடுவே வரும் சனி, ஞாயிறையும் லீவாகவே எண்ணிவிடுவார்கள். அப்படியானால் அதே 10 நாள் 14 ஆகிவிடும், கையிலிருப்பதைத் தாண்டிவிடும். விண்ணப்பம் போடும் முன்னாலேயே எச்ஆரிடம் கேட்டு வைத்துக்கொண்டால், ஒரு திங்களோ வெள்ளியோ வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி வாங்க முடியுமா என்று யோசிக்கலாம்.

அடுத்த தப்பு, சிக் லீவு போடுவது. அது நம் உடம்புக்குத்தான். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் சுகவீனத்துக்கு 12 நாள் தனி, வேறு நியாயமான காரணத்துக்கு 12 நாள் தனி. ஆத்தாவின் ஆபரேஷன் இரண்டாவதில்தான் வரும். தனக்குக் காய்ச்சல் என்று எழுதிவிட்டு மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் போனை எடுப்பதெல்லாம் தேவையில்லாத வம்பு. தொழிற்சாலையில் வேலை என்றால், வருட லீவுக்கு 15 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்தது, 2025-இல் சட்டம் மாறிவிட்டதால் இப்போது எப்படி என்று கம்பெனியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்காக ஆபரேஷன் தேதி கிடைத்த அன்றே டிக்கெட், லீவு எல்லாவற்றையும் உறுதி செய்துவிடாதீர்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லை, சிறுநீரில் தொற்று, பல்லில் சீழ் என்று ஏதாவது ஒன்று இருந்தாலும் மூட்டு ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார்கள், ஏனென்றால் தொற்றுக் கிருமி ரத்தம் வழியாகப் புது மூட்டில் போய் உட்கார்ந்தால் பெரிய வினை. ரத்தம், சிறுநீர், ஈசிஜி பரிசோதனைகளை முன்னதாக முடித்து, மயக்க மருந்து டாக்டர் சரி என்று சொல்லட்டும். மேலாளரிடம் உத்தேசத் தேதியை முதலிலேயே சொல்லிவிடுங்கள், உறுதியை அப்புறம் சொல்லலாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை எப்போது நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதையும் டாக்டரிடமே கேளுங்கள்.

வீட்டில் இருக்கும் அந்தப் பத்து நாளில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது காலைத்தான். கொஞ்சம் வீக்கம் இருக்கத்தான் செய்யும். கெண்டைக்கால் திடீரென்று அதிகமாக வீங்கி வலித்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டருக்குப் போன் போடுங்கள். மூச்சு வாங்கினால் போனில் நேரத்தைக் கடத்தாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு. வலிக்கிறதே என்று பாவம் பார்த்து முட்டியை மடக்கும் பயிற்சியை விடுவதுதான் பிள்ளைகள் செய்யும் இன்னொரு தப்பு. மூட்டு இறுகிவிட்டால் பிறகு மடங்குவது கஷ்டம். வலி மாத்திரை கொடுத்து அரை மணி கழித்துப் பயிற்சியை ஆரம்பித்தால் ஆத்தா அவ்வளவாக முரண்டு பிடிக்க மாட்டார்கள்.

அப்பச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் என்றால் இவ்வளவு லீவு வேண்டாம், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் ஒரு நாள் லீவு போதாது, மறுநாள் கண்ணைக் காட்ட வேண்டும். முதல் வாரம் ஒரு நாளைக்குப் பல தடவை சொட்டு மருந்து விட வேண்டியிருக்கும், அப்புறம்தான் படிப்படியாகக் குறைப்பார்கள். கை நடுங்குகிறவர் தானே விட்டுக்கொள்ள முடியாது, யார் விடுவது என்பதை முன்பே பேசி வையுங்கள். இரண்டாவது கண்ணுக்கும் ஆபரேஷன் உண்டா என்று முதல் நாளே கேட்டுவிட்டு, அதற்கும் இரண்டு நாள் லீவை எடுத்து வையுங்கள்.