துளைப் பைல் கணக்கு: கட்-ஆஃப் நீளத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பைலிங் வேலைக்கு வரும் பொறியாளர்கள் எழுதிக் கொண்டுவரும் அளவுத் தாளைப் பார்க்கும்போதெல்லாம், என் தலைமுறையினர் செய்த அதே தவறுகள் வரிசை மாறாமல் வந்து நிற்கின்றன. விட்டத்தையும் ஆரத்தையும் குழப்புவது, மில்லிமீட்டரை மீட்டராக மாற்ற மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை விடையே காட்டிக்கொடுத்துவிடும். விடை சரியாகவே தோன்றி, மண்ணுக்குள் போன பிறகு பல்லிளிக்கும் தவறுகளே என் கவலை.

ஒரே ஒரு பைலை எடுத்துக்கொள்வோம். விட்டம் 600 மி.மீ. இயந்திரம் நிற்கும் தளத்திலிருந்து துளையின் அடி 18 மீட்டர் ஆழம். கட்-ஆஃப் மட்டம், அதாவது மேலே இருப்பதை உடைத்தெடுத்த பிறகு பைலின் தலை நிற்கும் மட்டம், தளத்துக்குக் கீழே 1.5 மீட்டர். துளையின் சுவர் சரியாமல் தாங்க, பென்டோனைட் என்ற களிமண் கரைசல் உள்ளே நிற்கிறது. கான்கிரீட், துளையின் அடி வரை எட்டும் ட்ரெமி குழாய் வழியாக இறங்குகிறது.

மூன்று கணக்குக்கும் ஒரே நீளத்தைப் போடுவது

இன்றுவரை எனக்கு ஆத்திரம் வரவழைக்கும் தவறு இதுதான். வரைபடத்தில் 'பைல் நீளம் 16.5 மீட்டர்' என்று இருக்கும். அது கட்-ஆஃப் மட்டத்திலிருந்து அடி வரை உள்ள நீளம். அதையே துளைக்கும், கான்கிரீட்டுக்கும், கம்பிக்கூட்டுக்கும் போட்டுவிடுகிறார்கள். துளையிடுவது 18 மீட்டர். பைலாக நிலைக்கப்போவது 16.5 மீட்டர். கான்கிரீட் ஊற்ற வேண்டியது இந்த இரண்டும் அல்ல.

ட்ரெமியில் ஊற்றும்போது முதலில் இறங்கிய கான்கிரீட் பென்டோனைட்டையும் அடியில் படிந்த சேற்றையும் தொட்டுக்கொண்டே மேலே ஏறுகிறது. உச்சியில் நிற்பது சேறு கலந்த, வலுவற்ற கான்கிரீட். அது முழுவதும் கட்-ஆஃப் மட்டத்துக்கு மேலே போய் நின்றால்தான் உடைத்து எறிய முடியும். அதனால்தான் பைல் அடித்தளங்களுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 2911, ட்ரெமி முறையில் தளம் வரை வழியவிட வேண்டும், அல்லது கட்-ஆஃபுக்கு மேல் குறைந்தது 1 மீட்டர் ஊற்ற வேண்டும் என்கிறது. நம் பைலில் ஊற்று நீளம் 16.5 + 1.0 = 17.5 மீட்டர்.

குறுக்குப் பரப்பு 0.2827 சதுர மீட்டர். 17.5 மீட்டருக்கு 4.95 கன மீட்டர். துளையின் சுவர் வரைபடத்தைப் போல நேராக இருப்பதில்லை. மண் சரிந்த இடங்களில் கான்கிரீட் புடைத்து நிற்கும். அதற்குப் பத்து சதவீதம் வைத்தால் 5.44. குழாயிலும் புனலிலும் தங்குவதையும் எண்ணி, 6 கன மீட்டர் வரவழைப்பேன்.

சென்னைக்குத் தெற்கே, சதுப்பு நிலத்தை ஒட்டிய ஒரு தளத்தில் இதே அளவுள்ள பைலுக்கு ஓர் இளம் பொறியாளர் 16.5 மீட்டரைப் பெருக்கி 4.67 என்று கண்டார். கொஞ்சம் கூட்டி 5 கன மீட்டர் சொல்லிவிட்டார். தாளில் மிச்சம் இருந்தது. துளைக்குள் பத்து சதவீதம் கூடுதலாக விழுங்கியதால், அந்த 5 கன மீட்டர் ஏறக்குறைய 16.1 மீட்டர் உயரமே நின்றது. கட்-ஆஃபைத் தொட இன்னும் நாற்பது சென்டிமீட்டர் பாக்கி. மாலை நேர நெரிசலில் அடுத்த லாரி வருவதற்குள் உள்ளே இருந்தது இறுகத் தொடங்கிவிட்டது, குழாயை உருவிவிட்டார்கள்.

நாற்பது சென்டிமீட்டர்தானே, பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று அங்கே பேசிக்கொண்டார்கள். தோண்டிப் பார்த்தபோதுதான் நிலைமை புரிந்தது. சுத்தியலால் அடித்தால் கணீரென்று ஒலிக்க வேண்டிய இடத்தில் மொத்தென்ற சத்தம். உளி வைத்தால் சாம்பல் நிறக் கட்டிகளாக உதிர்ந்தது, நடுவில் ஜல்லியே இல்லை. நல்ல கான்கிரீட் தளத்திலிருந்து 2.6 மீட்டர் ஆழத்தில்தான் கிடைத்தது. நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டு, பக்கமண் சரியாமல் தாங்கல் கொடுத்து, கம்பிகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, வட்ட ஷட்டரிங் கட்டி, மேலே 1.1 மீட்டரைப் புதிதாக ஊற்றினார்கள். மிச்சப்படுத்தியது அரை கன மீட்டர் கான்கிரீட். செலவழிந்ததோ ஒரு குழுவின் பல நாள் உழைப்பு.

பத்து சதவீதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது

பத்து என்பது தொடக்க ஊகம் மட்டுமே. இளகிய களிமண்ணில் அது போதாமல் போகும். உண்மையான விகிதத்தை ஊற்றும்போதே கண்டுபிடிக்கலாம். எடை கட்டிய நாடாவை இறக்கி, ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் கான்கிரீட்டின் மேல்மட்டத்தை அளக்க வேண்டும். 3 கன மீட்டர் இறங்கியதும் கணக்குப்படி 10.6 மீட்டர் ஏறியிருக்க வேண்டும். நாடா 8.4 மீட்டர் ஆழம் காட்டினால், ஏறியது 9.6 மீட்டர், விகிதம் 1.10. கான்கிரீட் நிற்க வேண்டிய இடம் 0.5 மீட்டர் ஆழம். ஆகவே மீதி 7.9 மீட்டர், தேவை 2.46 கன மீட்டர். லாரி ஆலையை விட்டுக் கிளம்பும் முன்பே இது தெரிந்துவிடும். மேலடுக்கு மண் இன்னும் இளகலாக இருந்தால் இதிலும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கம்பிக்கூட்டைக் கான்கிரீட்டின் நீளத்துக்கே வெட்டுவது

கட்-ஆஃபுக்கு மேலே உடைத்துப்போடும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி வீணல்ல; அதுதான் பைல்களின் தலைமேல் வரும் கான்கிரீட் கட்டையான பைல் கேப்புக்குள் நுழைந்து பிடிமானம் தருகிறது. அதன் நீளத்தைத் தீர்மானிப்பது கம்பியின் விட்டம், ஊற்று நீளமல்ல.

நம் பைலில் 20 மி.மீ. கம்பி எட்டு. அடியில் 0.1 மீட்டர் தூக்கி நிறுத்தினால் கட்-ஆஃப் வரை 16.4 மீட்டர். மேலே பிடிமானத்துக்கு விட்டத்தைப் போல ஐம்பது மடங்கு, அதாவது 1.0 மீட்டர். கூட்டின் உயரம் 17.4 மீட்டர். கம்பி 12 மீட்டராகத்தான் வரும் என்பதால் ஒவ்வொன்றிலும் ஓர் ஒட்டு. அதற்கு இன்னொரு மீட்டர். ஆக ஒரு கம்பி 18.4 மீட்டர். எடை மீட்டருக்கு d²/162, d என்பது மி.மீ.யில் கம்பியின் விட்டம், அதாவது 2.47 கிலோ. எட்டுக் கம்பிக்கும் சேர்த்து ஏறக்குறைய 364 கிலோ. ஒட்டை விட்டுவிட்டால் ஒரு பைலில் 20 கிலோ காணாமல் போகும். நூறு பைல் என்றால் இரண்டு டன்.

இந்தப் பைலில் கூட்டின் தலை தளத்துக்கு அரை மீட்டர் கீழே நிற்கும். தொங்கு கம்பியைச் சரியான நீளத்தில் கட்டாவிட்டால் கூடு தாழ்ந்துவிடும். 30 சென்டிமீட்டர் தாழ்ந்தால் பிடிமானம் 70 சென்டிமீட்டர்தான்.

சுருள் கம்பிக்குப் பைலின் விட்டத்தை எடுப்பது

கூட்டுக்கு வெளியே சுற்றி நிற்கும் கான்கிரீட் கவர் 75 மி.மீ. என்றால் கூட்டின் வெளிவிட்டம் 450, 8 மி.மீ. சுருளின் மைய விட்டம் 442. ஒரு சுற்று 1.4 மீட்டர். 600-ஐ எடுத்தால் 1.88 மீட்டராகி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எகிறும். 150 மி.மீ. இடைவெளியில் 116 சுற்று. ஒட்டும் இரு முனைச் சுற்றும் சேர்த்து 170 மீட்டர், 67 கிலோ.

உள்வளையங்களை மறப்பது

கூடு உருக்குலையாமல் உள்ளிருந்து தாங்கும் வளையம் 12 மி.மீ., 1.5 மீட்டருக்கு ஒன்று: 12 வளையம், 14 கிலோ. மொத்தக் கூடு 445 கிலோ.

கம்பியின் கன அளவைக் கான்கிரீட்டில் கழிப்பது

கழிக்க வேண்டாம்.

பில்லில் ஊற்று நீளத்தை எழுதுவது

பெரும்பாலான ஒப்பந்தங்களில் பணம் கட்-ஆஃபிலிருந்து அடி வரையான 16.5 மீட்டருக்குத்தான். மேலே ஊற்றி உடைக்கும் 1 மீட்டரும், காலியாக நிற்கும் அரை மீட்டர் துளையும் யார் கணக்கில் என்பதை விலை கொடுக்கும் முன்பே ஒப்பந்தத்தில் தேடிப் படித்து, மீட்டர் விலையில் ஏற்றிவிடுங்கள்.